ஒருத்தர் மட்டும்

சங்கத்தின் நோட்டீஸ் வந்த அன்று கோகிலவாணியின் நாற்காலியில் ஒருத்தி முகம் முழுக்கப் பேக் போட்டுக்கொண்டு கண்மூடிக் கிடந்தாள். ஹாலில் சோபாவில் மூன்று பேர். சமையலறையில் காப்பி பொங்கிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் நஞ்சப்பன் கையெழுத்து வாங்க நோட்டை நீட்டிவிட்டு, அந்த மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான்.

கோயமுத்தூர் கணபதியில், செந்தூர் கார்டன் அபார்ட்மெண்டின் மூன்றாவது மாடியில் அவள் குடியிருந்தது வாடகை வீடு. இரண்டாவது படுக்கையறையில் ஒரு சாயும் நாற்காலி, ஆளுயரக் கண்ணாடி, தலை அலசும் தொட்டி. அவ்வளவுதான் பார்லர். கணவன் சம்பத்து பம்ப்செட் கம்பெனியில் ஷிப்ட்டுக்குப் போகிறவன். ரோட்டோரக் கடை ஒன்றைப் பிடிக்கலாமே என்று சொல்லாதவர்கள் இல்லை. அட்வான்ஸுக்கு எங்கே போவது என்பது ஒன்று. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து மீசை எடுத்துக்கொள்ள அவளுடைய வாடிக்கைப் பெண்களில் பாதிப்பேர் வரமாட்டார்கள் என்பது இன்னொன்று. அவர்கள் வீட்டில் சொல்லிவிட்டு வருவதே, "வாணியக்கா வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்றுதான்.

நோட்டீஸில் இருந்தது இது: குடியிருப்புக்கான வீட்டில் வியாபாரம் நடக்கிறது, வெளியாட்கள் ஓயாமல் வந்து போகிறார்கள், அவர்களுடைய வண்டிகள் மற்றவர்கள் இடத்தில் நிற்கின்றன, இரண்டாவது மாடி குப்புராஜ் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறார், வியாழக்கிழமை கமிட்டிக்கு வந்து விளக்கம் சொல்லவும். நகல் வீட்டு ஓனருக்கு.

அந்தக் கடைசி வரிதான் அவளைக் கொன்றது. ஓனர் தோஹாவில் இருக்கிறார். நல்ல மனுஷர், ஆனால் வம்பு என்றால் ஆகாது. அன்று சாயங்காலமே வாய்ஸ் மெசேஜ் வந்துவிட்டது: "ஏம்மா வாணி, சங்கம் எழுத்துல சரின்னு குடுத்தா நீங்க பாட்டுக்கு இருங்க. எனக்கு ஒண்ணுமில்ல. குடுக்கலைன்னா பார்லர எடுத்துருங்க. அது முடியாதுன்னா வீட்டப் பாத்துக்கங்க. என்னைய இதுல இழுக்காதீங்க, நான் இங்கிருந்து என்ன பண்ண முடியும்."

பார்லரை எடுத்தால் வீட்டு வாடகை சம்பத்து சம்பளத்தில் நிற்காது. வீட்டைக் காலி செய்தால் பார்லர் போகும். எந்தப் பக்கம் புரண்டாலும் கட்டில் உடைந்துதான் இருந்தது.

"அந்தக் குப்புராஜுக்கு நான் என்ன கெடுதல் பண்ணுனேன்?" என்று அவள் சம்பத்திடம் குமுறினாள். "நேர்ல பாத்தா 'நல்லாருக்கீங்களாம்மா'ங்கறான். ஒரு வார்த்தை நேர்ல சொன்னா வாய் முத்து உதுந்துருமா?"

"சொன்னாரு புள்ள. ரெண்டு தடவ சொன்னாரு. என்ற கிட்டத்தான் சொன்னாரு."

"நீங்க என்ற கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ முகூர்த்த சீசன்ல இருந்த," என்ற சம்பத்து, சட்டையைத் தேடுகிறவன் போல எழுந்து போய்விட்டான்.

குப்புராஜ் கெட்டவர் இல்லை. மோட்டார் விற்கும் கம்பெனியில் ஊர் ஊராகச் சுற்றுகிற வேலை. மத்தியானம் எங்கிருந்தாலும் வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுவார். பசியோடு வருகிறவர். வந்து பார்த்தால் அவருடைய ஒன்பதாம் நம்பர் இடத்தில் யாரோ ஒருவருடைய கார் ஏசியைப் போட்டுக்கொண்டு உறுமிக்கொண்டு நிற்கும். வேறு வழியில்லாமல் தன் காரை ரோட்டில் விட்டுவிட்டு ஏறிப்போவார். அப்படி விட்டதில் ஒரு தடவை தண்ணீர் லாரிக்காரன் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டான். பசியும் நஷ்டமும் ஒன்றாகச் சேர்ந்தால் யாரானாலும் புகார் எழுதத்தான் செய்வார்கள். ஆனால் வாணிக்கு அப்போது இந்த நியாயமெல்லாம் கண்ணில் படவில்லை.

கமிட்டி கூடியது தரைத்தளத்தில், ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறையில். செயலாளர் தண்டபாணி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். எதையும் எடை போட்டுத்தான் பேசுவார்.

"சங்கத்து விதில தெளிவா இருக்குங்க அம்மிணி. குடியிருக்க மட்டும். ஆனா நாங்க ஒண்ணும் கல்நெஞ்சுக்காரங்க இல்ல. முதல் மாடில டியூஷன் நடக்குது, நாலாவது மாடில தையல் நடக்குது. யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. ஏன்? அங்க வண்டி வந்து நிக்கறதில்ல."

"என்ற வீட்டுக்கு வர்றதும் பொம்பளைங்கதானுங்க. திருட வர்றதில்ல."

"யாரும் திருடறாங்கன்னு சொல்லலீங்க," என்றார் குப்புராஜ். "லிப்டுல ஏறுனா எனக்குத் தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு இல்ல. கீழ வந்தா என்ற இடத்துல எனக்கு இடமில்ல. நான் என்ன, என்ற வீட்டுக்கே விருந்தாளியாட்டம் வெளிய நிறுத்திட்டு வரணுமா?"

சிலர் சிரித்தார்கள். வாணிக்கு முகம் எரிந்தது. சிரித்தவர்களில் பாதிப்பேருடைய மனைவிமார் அவளிடம் புருவம் திருத்திக்கொள்கிறவர்கள். ஆனால் அங்கே ஓனர்களுக்குத்தான் ஓட்டு, வாடகைக்காரிக்கு இல்லை. புருவத்துக்கும் ஓட்டு இல்லை.

அவள் வீட்டிலேயே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். சண்டை போடப் போகக்கூடாது, கேட்கிறதுக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும் என்று சம்பத்து சொல்லி அனுப்பியிருந்தான். பால்கனியில் தொங்கும் பெயர்ப்பலகையைக் கழற்றிவிடுவதாகச் சொன்னாள். போன் செய்து நேரம் வாங்கியவர்கள் மட்டும்தான் வருவார்கள், அதுவும் ஒரு நேரத்தில் ஒருத்தர் மட்டும். காலை பத்துக்கு மேல், இருட்டுவதற்குள். ஞாயிறு லீவு. வெட்டிய முடி சாக்கடைக் குழாய்க்குள் போகாமல் தனிக் கவரில் போகும். வெளியாள் கார் கேட்டுக்குள் வராது, கோயில் மைதானத்து ஓரமாக விட்டுவிட்டு நடந்து வருவார்கள். ஸ்கூட்டர் மட்டும் விசிட்டர் கோட்டுக்குள் நிற்கும்.

தண்டபாணி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "ஈபி மீட்டரு?"

"ஓனர்கிட்ட சொல்லிட்டனுங்க. நீங்க லெட்டர் குடுத்தா கடை ரேட்டுக்கு மாத்திக்கச் சொல்லிட்டாருங்க."

"சரி. ஒரு மாசம் பாக்கலாம். அடுத்த மாசம் பொதுக்குழுவுல எல்லாரும் சரின்னா எழுத்துல குடுத்தர்றோம். புகார் நின்னாச் சரி. நிக்கலைன்னா அதோட போச்சு, உங்களுக்கும் எங்களுக்கும் வருத்தமில்லாம முடிச்சுக்கலாம்."

வருத்தமில்லாமல் முடிப்பதாம். கழுத்தை அறுக்கிறவன்கூட நோகாமல் அறுப்பேன் என்றுதான் சொல்வான் என்று நினைத்துக்கொண்டே அவள் படியேறினாள்.

அன்றிரவே வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் மெசேஜ் போனது. பலகை இறங்கியது. ஒவ்வொருவருக்கும் நேரம் பிரித்துக் கொடுத்தாள், நடுவில் மூச்சு விட இடைவெளியும் விட்டாள். செவ்வாயும் வெள்ளியும் முடியில் கத்தரி வைக்க யாரும் வரமாட்டார்கள் என்பதால் முடிவெட்டு முழுக்கப் புதனில் வந்து குவியும். அதைக்கூட இழுத்துப் பிடித்து வியாழனுக்கும் சனிக்கும் பிரித்தாள். ஒரு குறையும் வைக்கவில்லை.

பத்து நாளில் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ விழுந்தது. ஒன்பதாம் நம்பர் இடத்தில் ஒரு வெள்ளைக் கார். கீழே குப்புராஜ் எழுதியிருந்தார்: "ஒரு மாசம் டிரையல்னு சொன்னாங்க. யாருக்கு டிரையல்னு சொல்லல."

வாணி நேராகக் கீழே போய் நஞ்சப்பனைப் பிடித்தாள்.

"கார உள்ள உடாதீங்கன்னு சொல்லியிருக்குதல்ல? எதுக்கு உட்டீங்க?"

"வாணியக்கா வீட்டுக்குன்னாங்க அம்மிணி. ஒரு நிமிஷம் எறக்கி உட்டுட்டுப் போயிர்றோம்னாங்க."

"போனாங்களா?"

"எங்க போனாங்க? நீங்கதான மேல இருந்து, 'வண்டில உக்காந்திருக்கற அண்ணன மேல வரச் சொல்லுங்க நஞ்சப்பண்ணா, காப்பி ஆறுது'ன்னு குரல் குடுத்தீங்க."

உண்மைதான். குரல் கொடுத்திருந்தாள். மனைவி மேலே இருக்க, புருஷன் கீழே வெயிலில் காரில் கிடந்தால் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? வீட்டு வாசல் வரை வந்த மனுஷனுக்கு ஒரு வாய் காப்பி கொடுக்காமல் அனுப்பினால் நாளைக்கு யார் முகத்தில் முழிப்பது?

மறுநாள் அவள் ஒரு காரியம் செய்தாள். வந்தவளுக்குத் தலையில் கலர் பூசி, அது பிடிக்கும் வரை பால்கனியில் நின்று கேட்டைப் பார்த்தாள். காலையில் புருவம் திருத்திக்கொண்டு போன பெண்ணின் ஸ்கூட்டர் இன்னமும் விசிட்டர் கோட்டிலேயே நின்றது. அந்தப் பெண் எங்கே? திரும்பிப் பார்த்தால் ஹாலில். காப்பியைக் குடித்து முடித்து, நாத்தனார் கதையைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளோடு வந்த அவளுடைய சித்தியும். கலர் பூசிக்கொண்டவளின் புருஷன் காரோடு கீழே. அடுத்த நேரத்துக்காரி முன்கூட்டியே வந்து, தன் அக்காவையும் கூட்டிக்கொண்டு சோபாவின் மிச்ச இடத்தை நிரப்பியிருந்தாள்.

புருவத்துக்குப் பிடித்த நேரம் கொஞ்சம். காப்பிக்குப் பிடித்த நேரம்தான் மிச்சம் முழுக்க. நேரம் பிரித்துக் கொடுத்து என்ன, எழுந்து போக யாரையும் அவள் விட்டதில்லையே. வந்த பெண் "வர்றேனுங்க்கா" என்று எழுந்தால், "அதுக்குள்ள என்ன, இருங்க, முறுக்கு இருக்குது" என்று கையைப் பிடித்து உட்கார வைத்ததும் அவளேதான். தனியாக வருகிறவளைக்கூட, "ஏன் கண்ணு, அம்மாவக் கூட்டிட்டு வரலாமல்ல" என்று கேட்டதும் அவளேதான். குப்புராஜின் இடத்தைப் பிடித்தது வெள்ளைக் கார் இல்லை, அவளுடைய காப்பிச் சட்டி.

அவளுக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. இத்தனை நாளும் இது கடை இல்லை, வீடு என்று சொல்லித்தான் வாடிக்கையை வளர்த்தாள். இது வீடு, கடை இல்லை என்றுதான் சங்கமும் சொல்கிறது. இந்த வீட்டில் கடை நிலைக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரி போல நடந்துகொள்ளக் கூடாது. இதென்ன நியாயம் என்று யாரிடம் போய்க் கேட்பது?

அன்றே பால்காரனிடம் பாலைக் குறைக்கச் சொன்னாள். சோபாவை நகர்த்திச் சுவரோரம் போட்டு அதன்மேல் துவைத்த துணியை மலையாகக் குவித்தாள், உட்கார இடமில்லாமல். கேட்டில் நஞ்சப்பனிடம், "வாணியக்கா வீடுன்னு யாரு சொன்னாலும் கார உடாதீங்க, என்ற கூடப் பொறந்தவளே வந்தாலும் உடாதீங்க" என்றாள். நேரம் கேட்டுப் போன் செய்தவர்களிடம், "ஒருத்தர் மட்டும் வாங்கக்கா, தொணைக்கு யாரையும் கூட்டியாராதீங்க" என்று சொல்லப் பழகினாள். முதல் நாலைந்து தடவை சொல்லிவிட்டு மன்னிப்பும் கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை.

முணுமுணுப்பு கிளம்பத்தான் செய்தது. "வாணியக்காவுக்குத் தொழில் பெருகிருச்சு, மதிப்பு தெரியல" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி காப்பியை எதிர்பார்த்துக் காலியான டீப்பாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் கீழே ஒன்பதாம் நம்பர் இடம் மத்தியானங்களில் காலியாகக் கிடந்தது. குழுவில் போட்டோ விழவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள். சுலோச்சனாம்மா.

சுலோச்சனாம்மா மில்காரர் வீட்டு அம்மாள். அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் வாணியின் வீட்டுக்குக் கல்யாண வேலைகள் வர ஆரம்பித்தன. "நம்ம வாணி போட்டா முகம் மாவு அப்புன மாதிரி இருக்காது" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் நாலு மணப்பெண் வீட்டிலிருந்து போன் வரும். அவருக்கு மெசேஜ் படிக்கிற வழக்கமில்லை. வாணி போன் செய்து பக்குவமாகச் சொன்னாள். "சரி சரி, அதெல்லாம் மத்தவங்களுக்கு" என்று வைத்துவிட்டார்.

பொதுக்குழுவுக்கு முந்தைய புதன்கிழமை, மத்தியான நேரம். நாற்காலியில் ஒருத்தி பாதி வெட்டிய தலையோடு இருந்தாள். அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் சுலோச்சனாம்மா, பின்னால் அவருடைய இரண்டு மருமகள்கள், சின்ன மருமகள் ஹேமலதா தோளில் தூங்கும் குழந்தை.

வாணி பால்கனிப் பக்கம் திரும்பிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. அவ்வளவு பெரிய காரைத் தடுக்க நஞ்சப்பனுக்குத் தைரியம் இருந்திருக்காது. பெரிய வண்டியைப் பார்த்தால் கேட்டு தானாகத் திறந்துகொள்ளும்.

"ஏம்மா வாணி, கதவப் புடிச்சுட்டே நிக்கறயே, வழி உடு," என்றார் சுலோச்சனாம்மா. "மூணு பேருக்கும் முடி ஓரம் வெட்டணும். பெரியவளுக்கு பேசியலு. வெயிலு மண்டையப் பொளக்குது, மொதல்ல காப்பியப் போடு."

வாணி கதவை விடவில்லை.

"அக்கா, உள்ள ஆளு இருக்குதுங்க்கா."

"இருக்கட்டும். நாங்க உக்காந்துக்கறோம். என்ன இன்னிக்கு நேத்தா வர்றோம்?"

"உக்கார முடியாதுங்க்கா. ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும்னு சங்கத்துல ஒப்புக்கிட்டிருக்கறனுங்க. காரும் உள்ள நிக்கக் கூடாதுங்க. போன்ல சொன்னனுங்களே."

"எனக்குமா?"

இந்த ஒற்றைச் சொல்லுக்கு என்ன பதில் சொல்வது? உங்களுக்கு இல்லை என்றால் சங்கம் போயிற்று, வீடு போயிற்று. உங்களுக்கும்தான் என்றால் கல்யாணங்கள் போயிற்று. பெரிய மருமகள் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஹேமலதா மட்டும் வாணியின் முகத்தையே பார்த்தாள்.

"எல்லாருக்குந்தானுங்க்கா," என்றாள் வாணி. "செவ்வா, வெள்ளி, ஞாயிறு தவுத்து எந்த நாளு வேணும்னாலும் சொல்லுங்க. ஒவ்வொருத்தரா நேரம் குடுத்துப் பண்ணி உட்டர்றேன். இப்ப போயிட்டு வாங்கக்கா."

போயிட்டு வாங்க. வாசலில் நிற்கும் ஆளைப் பார்த்து, அவர்கள் வருகிறேன் என்று சொல்வதற்கு முன்னால், வாயைத் திறந்து அப்படிச் சொன்னது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுத் தன் காதையே அவளால் நம்ப முடியவில்லை.

சுலோச்சனாம்மா சத்தம் போடவில்லை. அதுதான் இன்னமும் மோசம்.

"என்ற வயசுக்கு வாசல்ல நிக்க வெச்சு யாரும் திருப்பி அனுப்புனதில்ல. நல்லாரு," என்று சொல்லிவிட்டு லிப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினார். மருமகள்கள் பின்னால் போனார்கள்.

பாதிப் படியில், கார்ச் சாவியைக் கையில் பிடித்தபடி குப்புராஜ் நின்றிருந்தார். சண்டைக்கு ஏறி வந்துகொண்டிருந்தவர். சுவரோடு ஒதுங்கி மூன்று பேருக்கும் வழி விட்டார். வாணியை நிமிர்ந்து பார்த்தார். சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

வாணி உள்ளே வந்து பாதித் தலையை வெட்டி முடித்தாள். கை பழக்கத்தில் வெட்டியது. அந்தப் பெண் போன பிறகு, குவிந்த துணிமலைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நன்றாக அழுதாள். சாயங்காலம் சுலோச்சனாம்மாவுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அடுத்த முகூர்த்தத்துக்குப் பேசி வைத்திருந்த ஒரு கல்யாண வீட்டிலிருந்து, "வேற ஆளச் சொல்லிட்டாங்க வாணி, மனசுல வெச்சுக்காத" என்று போன் வந்தது.

பொதுக்குழுவுக்கு அவள் பாதி உயிரோடுதான் போனாள். தண்ணீர் மோட்டார், லிப்ட் சர்வீஸ், மாடியில் துணி காயப்போடும் சண்டை எல்லாம் முடிந்து அவளுடைய விஷயம் வந்தது.

தண்டபாணி பைலைப் புரட்டினார். "முதல் ரெண்டு வாரம் புகார் இருந்துச்சு. அப்பறம் இல்ல. குப்புராஜ், நீங்கதான் சொல்லணும்."

குப்புராஜ் எழுந்தார். "போன புதன்கெழம என்ற இடத்துல ஒரு பெரிய கார் நின்னுச்சுங்க."

வாணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"கேக்கறதுக்குத்தான் மேல ஏறுனேன். நான் போய்ச் சேர்றதுக்குள்ள அவங்களே அந்த ஆளுகள வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பிட்டாங்க. யாருன்னு எனக்குத் தெரியும், நம்ம ஊர்ல அந்தம்மாள அப்படி அனுப்பற ஆளு நான் பாத்ததில்ல. என்ற சகலபாடி குடும்பத்தோட வந்து பத்து நாளு டேரா போடறான், என்னால ஒரு வார்த்த சொல்ல முடியல." சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. "எனக்குப் புகார் இல்லீங்க. ஆனா எழுத்துல இருக்கறது எழுத்துல இருக்கணும். ஒருத்தர் மட்டும்னா ஒருத்தர் மட்டும். கார் வந்தா மறுபடியும் எழுதுவேன்."

"எழுதுங்க," என்றாள் வாணி. வாய் தானாகச் சொன்னது.

ஆறு மாதத்துக்கு அனுமதி, பிறகு மறுபடி பார்ப்பது என்று முடிவானது. நிபந்தனைகளை வரிசையாக எழுதி, சங்கத்து முத்திரை குத்தி, தண்டபாணி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் போட்டோ எடுத்து தோஹாவுக்கு அனுப்பினாள். ஓனர் ஒரு கட்டைவிரலை அனுப்பினார். அவ்வளவுதான். வீடு நின்றது, பார்லர் நின்றது.

"ஜெயிச்சுட்டல்ல, அப்பறம் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற?" என்றான் சம்பத்து.

"வீடு நின்னுருச்சு. வர்றதுக்கு ஆளு வேணுமல்ல?" என்றாள். கல்யாண வேலை இல்லாமல், வெறும் புருவத்தை வைத்துக்கொண்டு எத்தனை மாதம் தள்ளுவது என்று அவளுக்கே தெரியவில்லை. கடிதத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். ஒட்டும்போது அது அவளுக்குத் தண்டனை ஓலை மாதிரித்தான் தெரிந்தது.

அடுத்த வாரம் தெரியாத நம்பரிலிருந்து ஒருத்தி போன் செய்து நேரம் வாங்கினாள். பேர் ஹேமா என்றாள். சொன்ன நேரத்துக்கு மணி அடித்தது. வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நின்றவள், சுலோச்சனாம்மாவின் சின்ன மருமகள் ஹேமலதா. குழந்தை இல்லை, ஓரகத்தி இல்லை, மாமியார் இல்லை.

"என்ன கண்ணு, நீ மட்டுமா வந்த?" பழக்க தோஷம், வாணி கேட்டுவிட்டாள்.

"ஒருத்தர் மட்டுந்தான வரணும்னீங்க?" ஹேமலதா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். "நான் எங்க போறதுன்னாலும் அத்தையும் வருவாங்க. டாக்டர்கிட்டயும் வருவாங்க, ஜாக்கெட் தைக்கக் குடுக்கவும் வருவாங்க. எனக்கு முடி எவ்வளவு வெட்டணும்னு இதுவரைக்கும் அவங்கதான உங்ககிட்ட சொன்னாங்க? இன்னிக்கு நானே சொல்றேன். தோளு வரைக்கும்."

"அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியும். வாணிகிட்டப் போகாத, வேற பார்லருக்குப் போலாம் வான்னாங்க. அங்க எல்லாரும் ஒண்ணாப் போயி ஒண்ணா உக்காந்திருக்கணும். எனக்கு வாணியக்கா கைதான் ஒத்துக்குது, அவங்க வீட்டுல ஒருத்தருக்கு மேல உடமாட்டாங்களாம், சட்டமாம்னு சொன்னேன். சட்டம்னதும் ஒண்ணும் பேசல. கல்யாணத்துல இருந்து நாலு வருசமாச்சுங்க்கா, இன்னிக்குத்தான் வண்டிய நானே எடுத்துட்டு தனியா வர்றேன்."

நாற்காலியில் சாய்ந்ததும் பெருமூச்சு விட்டாள். வாணி வெட்டினாள். ஹேமலதா அதிகம் பேசவில்லை. தண்ணீர் தெளித்துச் சீவும்போதே தூங்கிவிட்டாள், வாயை லேசாகத் திறந்துகொண்டு. வாணி அவளை எழுப்பவில்லை. அடுத்த ஆளுக்கு இன்னும் நேரம் இருந்தது.

விழித்து, கண்ணாடியில் தன்னைப் பார்த்து, இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்ததைப் படித்தாள். நிதானமாக, ஒவ்வொரு வரியாக.

"அக்கா, எங்க சொந்தத்துல இன்னும் நாலஞ்சு மருமகளுக இருக்கறோம். எல்லார்கிட்டயும் உங்க நம்பரு குடுத்திருக்கறேன்." செல்போனை எடுத்தாள். "இந்த லெட்டர ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா? முத்திரையும் சேந்து தெரியணும்."

"எதுக்கு கண்ணு?"

"எங்க வீடுகள்ல காட்டணும்," என்றாள் ஹேமலதா.